ஒரு தாளில் 65,279, இன்னொன்றில் 78,425: அப்பாவுக்கு வட்டிச் சான்றிதழ் வாங்கிய கதை

அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. மாதம் 38,000 ரூபாய் ஓய்வூதியம், திண்டுக்கல்லில் சொந்த வீடு, ஓய்வின்போது வந்த பணத்தில் போட்ட இரண்டு எஃப்டி. இரண்டு என்றுதான் அவரும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். வருமான வரிக் கணக்கை அதுவரை பக்கத்துத் தெருவில் ஒரு கணக்கர் போட்டுக் கொடுத்தார். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டதால், 2024-25 நிதியாண்டுக்கான கணக்கு என் தலையில் விழுந்தது. வங்கியில் ஒரு வட்டிச் சான்றிதழும் ஒரு வருட ஸ்டேட்மென்டும் வாங்கினால் அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். வாங்கி முடிக்க மூன்று முறை வங்கிக்குப் போக வேண்டியிருந்தது.

முதல் நடை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில். அப்பாவே போனார். கவுன்டரில் இருந்த பெண், "எந்த வருஷத்துக்கு ஐயா வேணும்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா "25-26" என்று சொல்லியிருக்கிறார். தப்பில்லை, கணக்கர் கொடுத்த பழைய தாள்களில் எல்லாம் மதிப்பீட்டு ஆண்டுதான் பெரிய எழுத்தில் இருக்கும். 2024-25-ல் சம்பாதித்த வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. ஆனால் வங்கியின் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் நிதியாண்டு மட்டும்தான். 2025-26 என்று அடித்ததும், 1-4-2025 முதல் அன்று வரைக்குமான மூன்று வார வட்டியைப் போட்டு, கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு தாள் வந்துவிட்டது. "இந்த வருஷம் வட்டி ரொம்பக் குறைச்சுப்புட்டாங்கடா" என்று அப்பா அதை நீட்டியபோது, நான் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை.

அன்றிலிருந்து வருடத்தை எண்ணால் சொல்வதை விட்டுவிட்டோம். "1-4-2024 முதல் 31-3-2025 வரை" என்று தேதியாகவே எழுதிக் கொடுக்கிறோம். இன்னொரு வார்த்தையும் எழுத வேண்டும்: "டெபாசிட் வட்டி". வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கும் இதே பெயரில்தான், வங்கிக்கு நாம் கட்டிய வட்டிக்கு, ஒரு சான்றிதழ் கிடைக்கும். வெறுமனே "இன்ட்ரஸ்ட் சர்டிபிகேட்" என்று கேட்ட என் நண்பர் ஒருவருக்கு அந்தக் கடன் தாளைத்தான் கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாம் நடையில் நான் கூடப் போனேன். சரியான தேதி, சரியான தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: ஐந்து லட்சம் எஃப்டிக்கு வட்டி 35,000, பிடித்த வரி 3,500. நான்கு லட்சம் எஃப்டிக்கு வட்டி 30,279, பிடித்த வரி 3,028. ஆக மொத்தம் வட்டி 65,279, டிடிஎஸ் 6,528. கூடவே சேமிப்புக் கணக்கின் ஒரு வருட ஸ்டேட்மென்ட், ஏழு பக்கம்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. இங்கேதான் பலருக்குத் தலை சுற்றுகிறது. எனக்கும் சுற்றியது.

ஐந்து லட்சம் எஃப்டிக்கு ஏழு சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,750 சேமிப்புக் கணக்குக்கு வர வேண்டும். ஸ்டேட்மென்டில் தேடினால் 8,750 என்ற வரவு எங்கேயும் இல்லை. 7,875 என்று நான்கு இடத்தில் இருந்தது. 875 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வரவு வைத்திருக்கிறார்கள். நான்கையும் கூட்டினால் 31,500. வரிக் கணக்கில் இந்த 31,500-ஐ எழுதினால் தப்பு. பிடித்த வரியும் நம்முடைய வருமானம்தான். நம் சார்பில் அரசுக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. வருமானம் 35,000, அதில் 3,500 முன்னாலேயே கட்டிய வரி என்று எழுத வேண்டும்.

நான்கு லட்சம் எஃப்டியின் கதை வேறு. அது வட்டியைச் சேர்த்துக்கொண்டே போய் முதிர்வில் மொத்தமாகத் தருகிற வகை. ஸ்டேட்மென்டில் அந்த எஃப்டியில் இருந்து ஒரு பைசாகூட வரவு இல்லை. ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை எழுநூற்றுச் சொச்சம் பற்று மட்டும் இருந்தது, எதிரில் டிடிஎஸ் என்று குறிப்பு. கைக்கே வராத வட்டிக்கு, கையில் இருந்த பணத்தில் வரி பிடித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இதில்தான் கோபம். "குடுக்காத காசுக்கு வரியா? இது என்ன நியாயம்?" என்றார்.

நியாயமோ இல்லையோ, நடைமுறை அதுதான். வட்டி கைக்கு வந்ததா என்று வங்கி பார்ப்பதில்லை. புத்தகத்தில் நம் பெயரில் சேர்ந்துவிட்டாலே வரி பிடித்தாக வேண்டும். சான்றிதழ் காட்டுவது இப்படிச் சேர்ந்த வட்டியை, ஸ்டேட்மென்ட் காட்டுவது கைக்கு வந்து போன பணத்தை. அதனால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாமே தவிர, ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று விட முடியாது.

இதில் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. வட்டி கைக்கு வரும் வருடத்தில்தான் அதை வருமானமாகக் காட்டுவேன் என்று ஒருவர் ஒரே முறையைத் தொடர்ந்து பின்பற்றலாம். ஆனால் வங்கி வருடா வருடம் வரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வருமானம் ஒரு வருடத்தில், டிடிஎஸ் இன்னொரு வருடத்தில் என்று ஆகி, பிடித்த வரியை அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஓய்வூதியக்காரருக்கு இது வேண்டாத தலைவலி. சான்றிதழில் உள்ளபடி வருடா வருடம் காட்டிவிடுவதுதான் நல்லது என்பது என் முடிவு.

அப்படிக் காட்டுபவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த எஃப்டி 2023 ஜூன் 30-ல் போட்டது, 2026 ஜூன் 30-ல் முடிகிறது. அன்றைக்கு நான்கு லட்சம் கிட்டத்தட்ட 4,92,576 ஆகத் திரும்பி வரும். ஸ்டேட்மென்டைப் பார்த்துக் கணக்கு எழுதுபவர் 92,576-ம் அந்த வருட வட்டி என்று எழுதிவிடுவார். உண்மையில் அதில் சுமார் 21,370 முதல் வருடத்திலேயே காட்டியாகிவிட்டது, 30,279 இரண்டாம் வருடத்தில், 32,455 மூன்றாம் வருடத்தில். கடைசி வருடத்துக்கு மிஞ்சுவது 8,472 மட்டும். இதை நிரூபிக்கக் கையில் இருக்க வேண்டியது பழைய வருடங்களின் சான்றிதழ்கள். அதனால் வரிக் கணக்கு போட்டு முடிந்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல், அந்த எஃப்டி முடியும் வரையாவது வைத்திருங்கள். நாங்கள் எஃப்டி ரசீதோடு சேர்த்தே குத்தி வைத்திருக்கிறோம்.

ஸ்டேட்மென்டில் இருந்து எடுக்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, சேமிப்புக் கணக்கின் வட்டி. எங்களுக்குக் கொடுத்த சான்றிதழில் அது இல்லை. சில வங்கிகள் ஒரே தாளில் இரண்டையும் போடுகின்றன, சில போடுவதில்லை. காலாண்டுக்கு ஒன்றாக நான்கு வரவு: 1,012, 988, 1,104, 1,067. ஆக 4,171. நான்கு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுதான் இருந்தால், கேட்ட தேதி வரம்பு எங்கோ குறைந்துவிட்டது என்று அர்த்தம். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிக்காது. அதனால் அது வருமானமே இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அப்பாவும் அந்தக் கட்சிதான்.

இதற்கெல்லாம் பாஸ்புக் போதாதா என்று அப்பா கேட்டார். அவருடைய பாஸ்புக்கில் நவம்பருக்குப் பிறகு என்ட்ரியே போடவில்லை. ஜூலையில் இயந்திரம் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரியை அச்சடித்திருந்தது. முதல் தேதியில் இருந்து கடைசித் தேதி வரை இடைவெளி இல்லாத ஸ்டேட்மென்ட்தான் உதவும். தாளாக வாங்குவதைவிட மின்னஞ்சலுக்குப் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொன்னால் தேடுவது எளிது.

சரி, 65,279-ம் 4,171-ம் கூட்டி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏப்ரலிலேயே முடித்திருந்தால் அந்த எண்ணோடுதான் போயிருக்கும். வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர்தான் தடுத்தார். "ஜூன் பாதி வரைக்கும் பொறுத்துக்கோ மாப்ளே. கடைசிக் காலாண்டு டிடிஎஸ் கணக்கை வங்கி மே 31-க்குள்ளதான் கொடுக்கும். அது 26AS-ல ஏறின பிறகு பார்த்துட்டுப் போடு."

26AS என்பது நம் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று வரித்துறை வைத்திருக்கும் பட்டியல். மாமா சொன்னதன் காரணம் இது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கு வங்கி அரசிடம் கணக்குத் தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் இருக்கிறது. வரி பிடித்ததற்குச் சான்றான 16ஏ படிவத்தை நமக்குத் தர ஜூன் 15 வரை. அதற்கு முன் வரித்துறையின் தளத்தைத் திறந்தால் முக்கால்வாசிப் படம்தான் தெரியும். அந்த வருடம் தாக்கலுக்கான கடைசித் தேதியையே ஜூலை 31-ல் இருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்திருந்தார்கள், அப்புறம் இன்னும் ஒரு நாள் கூட்டினார்கள். அவசரப்பட ஒன்றும் இல்லை.

ஜூன் 20 வாக்கில் அப்பாவின் பான் எண்ணைப் போட்டு incometax.gov.in தளத்தில் நுழைந்தேன். 26AS-ல் அதே வங்கியின் பெயருக்கு எதிரே வட்டி 78,425, டிடிஎஸ் 7,843 என்று இருந்தது. என் கையில் இருந்த தாளில் 65,279, 6,528. வித்தியாசம் 13,146 ரூபாய் வட்டி, 1,315 ரூபாய் வரி.

1,315-ஐப் பத்தால் பெருக்கினால் 13,150. அதாவது சரியாகப் பத்து சதவீதம். தட்டச்சுப் பிழையாக இருந்தால் இப்படிப் பொருந்தி வராது. எங்கோ இன்னொரு டெபாசிட் இருக்கிறது, அதற்கும் ஒழுங்காக வரி பிடித்திருக்கிறார்கள்.

26AS-ல் டெபாசிட் எண் தெரியாது. யார் பிடித்தார்கள், எந்தத் தேதிக்கு, எவ்வளவு என்பது மட்டும் இருக்கும். எண்ணைப் பார்க்க, அதே தளத்தில் உள்ள வருடாந்திரத் தகவல் அறிக்கையான AIS-ஐத் திறக்க வேண்டும். அதில் வங்கிகள் தனியாகத் தெரிவிக்கும் வட்டி விவரம் SFT-016 என்ற குறியீட்டின் கீழ் வரும், கணக்கு வாரியாக. திறந்தேன். மூன்று டெபாசிட் எண்கள். இரண்டு நமக்குத் தெரிந்தவை. மூன்றாவதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்துக் குளியலறையில் இருந்து குரல் வந்தது: "திருச்சி!"

2014-ல் திருச்சியில் வேலை பார்த்தபோது, அதே வங்கியின் அங்குள்ள கிளையில் ஒரு லட்சத்துச் சொச்சம் போட்டிருக்கிறார். மாற்றலாகி வரும்போது அங்கிருந்த சேமிப்புக் கணக்கை மூடிவிட்டு, எஃப்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். அது ஒவ்வொரு முறையும் தானாகப் புதுப்பித்துக்கொண்டு இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அம்மா இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? பதினொரு வருடமாகத் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் இரண்டு நாளைக்குப் பேச்சு.

அது ஏன் சான்றிதழில் வரவில்லை? வங்கி வட்டிச் சான்றிதழை வாடிக்கையாளர் எண்ணை வைத்துத்தான் எடுக்கிறது. வங்கிக்காரர்கள் சிஐஎஃப் என்பது அதைத்தான். ஒரு ஆளுக்கு ஒரு எண்தான் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு இருந்தது. திண்டுக்கல்லில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். திருச்சியில் தாத்தாவின் பெயரை முழுதாக விரித்து, அதைப் பின்னால் போட்டிருக்கிறார்கள். கணினிக்கு அது வேறு ஆள். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் இது எத்தனை குடும்பங்களில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பான் எண் இரண்டிலும் ஒன்றுதான். டிடிஎஸ் பிடிக்கிற மென்பொருள் பானைப் பார்க்கிறது, சான்றிதழ் எடுக்கிற மென்பொருள் சிஐஎஃப்-ஐப் பார்க்கிறது. அதனால்தான் அரசுக்குப் போன கணக்கில் மூன்று டெபாசிட்டும், நமக்கு வந்த தாளில் இரண்டும்.

முந்தைய வருடங்களில் இது ஏன் கண்ணில் படவில்லை என்றும் யோசித்தேன். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுக்கும் 15எச் படிவத்தை அப்பா ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிடுவார், அதனால் பெரிதாகப் பிடித்தம் இருக்காது. பிடித்தம் இல்லாததால் திரும்ப வாங்க ஒன்றும் இல்லை, அதனால் 26AS-ஐ யாரும் திறக்கவில்லை. 2024 ஏப்ரலில் கண் அறுவை சிகிச்சையில் இருந்ததால் படிவம் கொடுக்க விட்டுப்போயிற்று. அந்த வருடம் மூத்த குடிமக்களுக்கு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் உண்டு. 2025 ஏப்ரலில் இருந்து அந்த வரம்பு ஒரு லட்சம். மறதியால் வரி பிடிபட்டது, வரி பிடிபட்டதால் மறந்துபோன பணம் அகப்பட்டது.

மூன்றாம் நடை. இந்த முறை வாயால் கேட்கவில்லை. கடிதமாக எழுதி, AIS பக்கத்தின் அச்சு, பான் அட்டை நகல், ஆதார் நகல் மூன்றையும் இணைத்தோம். கடிதத்தில் இருந்த முக்கியமான பகுதி இது:

"என் பான் எண்ணின் கீழ் தங்கள் வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள டெபாசிட்டுகளுக்கு, 1-4-2024 முதல் 31-3-2025 வரை வழங்கப்பட்ட வட்டி, வழங்கப்படாமல் சேர்ந்துள்ள வட்டி, பிடித்தம் செய்த வரி ஆகியவற்றை டெபாசிட் எண் வாரியாகக் காட்டும் சான்றிதழ் தேவைப்படுகிறது. இடையில் முடிக்கப்பட்ட டெபாசிட்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்க்கவும். சேமிப்புக் கணக்கு வட்டியைத் தனியாகக் காட்டவும். எனக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருப்பதாகத் தெரிகிறது, அவற்றை ஒன்றாக்கித் தரவும்."

இடையில் முடித்த டெபாசிட் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கவுன்டரில் சில சமயம் உயிரோடு உள்ள கணக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சான்றிதழ் எடுத்துவிடுகிறார்கள். அக்டோபரில் முடித்துப் பணம் எடுத்த எஃப்டிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வட்டி உண்டு, அது தாளில் வராமல் போகும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் மாமா எழுதச் சொன்னார்.

கவுன்டர் பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, "திருச்சி கணக்குக்கு அங்கதான் போகணும் சார்" என்றார். நான் பேச வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "அம்மா, பணம் எடுக்க வரலம்மா. ஒரு தாள்தான். திரையில தெரியுதான்னு மட்டும் பாருங்க." பார்த்தார், தெரிந்தது. கிளைகள் எல்லாம் கணினியில் இணைந்த பிறகு சான்றிதழ் அச்சடிக்க அந்தக் கிளைக்கே போகவேண்டிய அவசியம் எங்களுக்கு வரவில்லை, சிஐஎஃப் எண் மட்டும் தெரிந்தால் போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். இரண்டு எண்களை ஒன்றாக்குவது மட்டும் அங்கே உடனே நடக்கவில்லை. மேலாளர் கையெழுத்து, பெயர் மாற்றத்துக்கான ஆதாரம் என்று மூன்று வாரம் இழுத்தது. கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்தது அதற்குத்தான் உதவியது.

புதுத் தாள் இரண்டு பக்கம் வந்தது, ஒவ்வொரு சிஐஎஃப்-க்கும் ஒன்றாக. இரண்டாவதில் வட்டி 13,146, வரி 1,315. கூட்டினேன். 78,425, 7,843. 26AS-ல் உள்ள எண் அப்படியே.

இங்கே ஒரு சபலம் வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். வட்டிக்குப் பழைய சான்றிதழில் உள்ள 65,279-ஐ எழுதி, வரிக்கு மட்டும் 26AS-ல் உள்ள 7,843-ஐ எழுதினால் என்ன? வருமானம் குறைவு, திரும்ப வரும் பணம் முழுசு. ஆனால் வரித்துறையின் கணினி முதலில் பார்ப்பதே இதைத்தான். வரியைக் கேட்கிறாய், அந்த வரி எந்த வருமானத்தில் பிடித்ததோ அதைக் காட்டவில்லையே என்று பொருத்தமின்மை அறிவிப்பு வரும். டிடிஎஸ் கேட்டால் அதற்குரிய வட்டி முழுவதும் கணக்கில் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கலாம். சான்றிதழ் சரியாக இருந்து AIS-ல் தப்பான எண் இருக்கலாம், ஒரே வட்டி இரண்டு முறை ஏறியிருக்கலாம். கூட்டு டெபாசிட்டில் அப்பா பெயர் முதலில், அம்மா பெயர் இரண்டாவது என்றால் வட்டியும் வரியும் பொதுவாக அப்பாவின் பானில்தான் ஏறும். AIS-ல் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் கருத்துச் சொல்ல இடம் இருக்கிறது. "விவரம் சரியில்லை", "ஏற்கெனவே வேறு பதிவில் சேர்ந்துவிட்டது" என்ற மாதிரி தேர்வுகள் உண்டு. அப்போது உங்களுக்குத் துணையாக இருக்கப்போவது வங்கி முத்திரை போட்ட சான்றிதழ்தான். 26AS-லேயே டிடிஎஸ் குறைந்திருந்தால் அந்தக் கருத்துப் பெட்டி உதவாது. வங்கி தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் சரியாகும், அதற்கும் கடிதம்தான்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. வட்டி 78,425, சேமிப்புக் கணக்கு வட்டி 4,171, ஆக 82,596. ஓய்வூதியம் வருடத்துக்கு 4,56,000. பழைய வரி முறையில் நிலையான கழிவு 50,000 போக ஓய்வூதியம் 4,06,000. மூத்த குடிமக்களுக்கு 80டிடிபி பிரிவில் வட்டியில் 50,000 வரை கழிவு உண்டு, எஃப்டி வட்டிக்கும் சேர்த்து. மிச்சம் 32,596. மொத்தம் 4,38,596, ஐந்து லட்சத்துக்குள் என்பதால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். புதிய முறையில் அந்த வட்டிக் கழிவு கிடையாது, ஆனால் நிலையான கழிவு 75,000. 4,63,596 வருகிறது. அந்த வருடம் ஏழு லட்சம் வரை தள்ளுபடி, ஆக அங்கேயும் பூஜ்யம். எதில் போட்டாலும் ஒன்றுதான் என்பதால், தானாகவே தேர்வாகியிருந்த புதிய முறையிலேயே விட்டோம். பிடித்த 7,843-ம் திரும்ப வர வேண்டியது.

அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த 50,000-ஐப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர்களுக்குப் பழைய முறையில் 80டிடிஏ, 10,000 வரை, அதுவும் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும். எஃப்டி வட்டிக்கு ஒன்றும் இல்லை. சான்றிதழில் சேமிப்பு வட்டியைத் தனியாகக் காட்டச் சொல்வது அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

சான்றிதழையோ ஸ்டேட்மென்டையோ வரிக் கணக்கோடு இணைத்து அனுப்பவேண்டியதில்லை. அனுப்ப இடமும் கிடையாது. எண்ணை எழுதிவிட்டுத் தாளை வீட்டில் வைத்திருக்க வேண்டியதுதான். அப்பா இதை நம்பவில்லை. "இவ்வளவு அலைஞ்சு வாங்கினதை யாருமே பார்க்க மாட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஜூலையில் தாக்கல் செய்து, ஆதார் ஓடிபி போட்டுச் சரிபார்த்தோம். ஆகஸ்டில் அப்பாவின் கணக்குக்கு 8,035 வந்தது. 7,840 பிடித்த வரி, பத்தின் மடங்காக்கியது. 195 ரூபாய் வரித்துறை கொடுத்த வட்டி, மாதத்துக்கு அரை சதவீதம் வீதம் ஐந்து மாதத்துக்கு. அந்த 195-ம் அடுத்த வருடக் கணக்கில் வட்டி வருமானமாக வரும் என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் எஃப்டி ரசீதுகள் இருந்த உறையை எடுத்து, அதன் மேல் "195 – வரி ஆபீஸ் வட்டி, ஆகஸ்ட் 2025" என்று எழுதினார். அதற்குக் கீழே, தடித்த எழுத்தில், "15எச், இரண்டு கிளைக்கும்".